கீழே விழுந்த போனும் காணாமல் போன சிம்மும்

கோவை காந்திபுரத்தில் ஒரு பேக்கரி. காலை எட்டரை மணி. டீயும் தேங்காய் பன்னும் முடித்துவிட்டு, கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யப் போனை எடுத்தார் ஒரு பெண். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் வண்டிச் சாவி. போன் நழுவியது. இடுப்பு உயரம்தான். டைல்ஸ் தரையில் மூலை பட்டு ஒருமுறை துள்ளி மல்லாந்து கிடந்தது.

பதறி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியில் கீறல் இல்லை. தொட்டால் வேலை செய்தது, கேமரா திறந்தது. "தப்பிச்சுது" என்று மூச்சு விட்ட பிறகுதான் மேல் மூலை கண்ணில் பட்டது. சிக்னல் கோடுகள் இருந்த இடம் காலி. அங்கே "No SIM card" என்று எழுதியிருந்தது. காலையில் வீட்டில் பேசிய அதே போன், அதே சிம். யாரும் கழற்றவில்லை, யாரும் திருடவில்லை. ஆனால் சிம்மே இல்லை என்று போன் சாதிக்கிறது.

காசைக் கொடுத்துவிட்டு அவர் நேராகப் போனது சிம் கம்பெனியின் கடைக்கு. சிம் செத்துவிட்டது, அதே நம்பரில் புதுசு வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில், இரண்டு கட்டடம் தள்ளியிருந்த செல்போன் சர்வீஸ் கடையில் ஏறினார். அது நல்லதாகப் போயிற்று. அவருடைய சிம்முக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

இப்படி விழுந்து எழுந்த போன்களில் சிம் கார்டே பழுதாகியிருப்பது அரிது. பெரும்பாலும் கார்டுக்கும் போனுக்கும் நடுவே உள்ள தொடர்புதான் அறுந்திருக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத இடைவெளியாக இருக்கலாம். எங்கே அறுந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே, கால் மணி நேரத்தில் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

தொட்டுக்கொண்டிருந்தால்தான் உறவு

சிம் கார்டு என்பது ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஒரு சிப், கொஞ்சம் நினைவகம், வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் ரகசிய எண் எல்லாம் உண்டு. 1991-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் சிம் தயாரானபோது அது ஏடிஎம் கார்டு அளவில் இருந்தது. அதன்பின் சுருங்கிச் சுருங்கி, 2012-ல் நானோ சிம் வந்தது. நீளம் 12.3 மில்லிமீட்டர், அகலம் 8.8 மில்லிமீட்டர், தடிமன் 0.67 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் போன்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

கணினி என்றாலும் இதற்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. போன் மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும். கார்டின் மேல் தங்க நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அவைதான் காண்டாக்டுகள். ஒன்றின் வழியாக மின்சாரம் வருகிறது. ஒன்றின் வழியாக அது திரும்புகிறது. ஒன்று ரீசெட், அதாவது "எழுந்திரு" என்று தட்டி எழுப்பும் வழி. ஒன்றில் கடிகாரம் போலச் சீரான துடிப்பு வந்துகொண்டே இருக்கும். இன்னொன்றில் பேச்சுவார்த்தை நடக்கும். இந்த ஐந்தும் எல்லா நேரமும் தேவை. ஒன்று விட்டுப்போனாலும் மற்ற நான்கால் பயனில்லை.

போனுக்குள்ளே, சிம் ட்ரே போய் உட்காரும் சாக்கெட்டில், இந்தக் கட்டங்களுக்கு நேராக மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. தங்க முலாம் பூசிய, வளைந்த ஸ்பிரிங்குகள். சர்வீஸ் கடைகளில் இவற்றைப் பின் என்பார்கள். ட்ரே உள்ளே போனதும் கார்டு இந்த நாக்குகளை அழுத்தும். அவை திருப்பி அழுத்தும். உள்ளே சால்டர் கிடையாது, பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. சிம்முக்கும் போனுக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது.

போனை ஆன் செய்ததும் இந்த நாக்குகள் வழியே ஒரு சின்னச் சடங்கு நடக்கிறது. போன் முதலில் 1.8 வோல்ட் மின்சாரம் கொடுத்து, துடிப்பை அனுப்பி, ரீசெட் வழியே தட்டி எழுப்புகிறது. நாற்பதாயிரம் துடிப்புகளுக்குள் கார்டு பதில் சொல்லியாக வேண்டும். கேட்க நிறைய நேரம் போலத் தோன்றும். விநாடிக்கு நாற்பது லட்சம் துடிப்பு ஓடினால் அது நூறில் ஒரு பங்கு விநாடிதான். பதில் வரவில்லை என்றால் மின்சாரத்தை 3 வோல்ட்டாக உயர்த்தி இன்னொரு முறை கேட்கும். அப்போதும் மௌனம் என்றால், போன் செய்யும் முடிவு ஒன்றுதான்: சிம் இல்லை.

அந்த வாசகத்தின் உண்மையான பொருள் இதுதான். போனுக்குக் கண் கிடையாது. ட்ரேயில் கார்டு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. தட்டினேன், யாரும் கதவைத் திறக்கவில்லை என்றுதான் சொல்கிறது. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

பல போன்களில் இதற்கு மேல் ஒரு காவலாளியும் உண்டு. சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு தனி நாக்கு, சுவிட்ச் போல. ட்ரே முழுவதும் உள்ளே போனால் அது அழுந்தும். ட்ரே நகக்கண் அளவு வெளியே வந்தாலும் அது விடுபடும். உடனே போன், "ட்ரேயை உருவுகிறார்கள்" என்று எண்ணி, கார்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். கார்டு பத்திரமாக, நேராக, சுத்தமாக இருந்தாலும், இந்த ஒரு சுவிட்ச் ஏமாந்தால் சிம் இல்லாத போன்தான்.

ஒரு மில்லிமீட்டரில் நடக்கும் விபத்து

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் போன் தரையைத் தொட அரை விநாடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். சைக்கிள் வேகம். ஆனால் சைக்கிள் பிரேக் பிடித்தால் சில மீட்டர் ஓடி நிற்கும். டைல்ஸில் மோதும் போனுக்கு அந்த வசதி இல்லை. உறை இல்லாத போன் ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு கனக்கும். ஒரு மீட்டரில் சேர்த்த வேகத்தை ஒரு மில்லிமீட்டரில் இறக்கி வைக்க வேண்டியிருப்பதால் வரும் ஆயிரம் அது.

நானோ சிம்மின் எடை ஏறக்குறைய 0.1 கிராம். ஆயிரம் மடங்கு என்றால் 100 கிராம். ஒரு கண நேரம், அந்தப் பிளாஸ்டிக் துண்டு ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடக் கனமாகி ஸ்பிரிங்குகளை அழுத்துகிறது, அல்லது அவற்றை விட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ட்ரேயின் எடை தனி. மண் தரை, மெத்தை, ரப்பர் உறை எல்லாம் இந்த ஆயிரத்தைக் குறைப்பவை. நிற்பதற்குக் கூடுதல் தூரம் கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த உதறலில் நடக்கக்கூடியவை நான்கு. லேசான வகையில், நாக்கு ஒரு கணம் கார்டை விட்டுத் தூக்கி மறுபடி உட்காரும். எதுவும் உடைந்திருக்காது. ஆனால் அந்தக் கணத்தில் கார்டுக்கு மின்சாரம் போய்விட்டது. அது எல்லாவற்றையும் மறந்து, தட்டி எழுப்பக் காத்துக்கொண்டிருக்கும். சில போன்கள் தாமாகவே மறுபடி தட்டும். சில, ரீஸ்டார்ட் செய்யும்வரை தட்டாது. இரண்டாவது, ட்ரே நெகிழ்ந்து வெளியே வருவது, வளைவது அல்லது அதன் விளிம்பு உடைவது. மூன்றாவது, சாக்கெட்டில் ஒரு நாக்கு மடங்குவது. நான்காவது, சாக்கெட்டையோ அதன் பின்னால் உள்ள சிப்பையோ போர்டில் பிடித்திருக்கும் சால்டர் விரிசல் விடுவது. முதல் இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். மூன்றாவதைக் கண்டுபிடிக்கலாம். நான்காவதைச் சந்தேகிக்கத்தான் முடியும்.

விழுந்த உடனே அல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போது சற்றுத் தாமதித்து இணைப்பு அறுவதும் உண்டு. அழைப்பு நடக்கும் நேரத்தில் கார்டு இன்னும் இருக்கிறதா என்று போன் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இடைவெளி 30 விநாடியைத் தாண்டக் கூடாது என்பது சிம் தர விதிகளில் உள்ள நிபந்தனை. பதில் வராவிட்டால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். "பேசிட்டே இருந்தேன், தானா கட் ஆயிருச்சு, பார்த்தா சிம் இல்லைங்குது" என்று கடைக்கு வருபவர்கள் சொல்லும் கதையில் இந்தக் கேள்வி பதில் ஒளிந்திருக்கிறது.

முதலில் வாசகத்தைப் படிக்க வேண்டும்

விழுந்த பிறகு சிக்னல் போய்விட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் திரையில் வரும் சொற்கள் ஒன்றல்ல. "No SIM card" என்றால் கார்டு பதில் சொல்லவில்லை. "No service" என்றால் கார்டு பதில் சொல்லிவிட்டது, டவர்தான் கிடைக்கவில்லை. அது ஆன்டெனா பக்கத்துக் கோளாறாக இருக்கலாம், அந்த இடத்தில் சிக்னலே இல்லாமலும் இருக்கலாம். அங்கே ட்ரேயைத் துடைத்துப் பயனில்லை. "Emergency calls only" என்ற வாசகம் இரண்டு நிலையிலும் வரும் என்பதால், அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. செட்டிங்ஸில் சிம் பகுதியைத் திறந்து, கம்பெனியின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது.

அடுத்தது போனை முழுவதும் அணைத்து, அரை நிமிடம் விட்டு, ஆன் செய்வது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுப்பது இதற்கு ஈடாகாது. அது டவருடன் பேசும் ரேடியோவை நிறுத்தி இயக்கும் வேலை. இங்கே வேண்டியது கார்டை மறுபடி தட்டி எழுப்புவது. விழுந்ததில் நாக்கு ஒரு கணம் துள்ளியது மட்டும்தான் நடந்தது என்றால், இதிலேயே சிக்னல் திரும்பிவிடும். திரும்பி, அன்றே மறுபடி போனால், தொடர்பு எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ட்ரேயை வெளியே எடுத்துப் பார்ப்பது

கோவைக் கடையில் அந்தப் பெண்ணின் போனை வாங்கிய இளைஞர் முதலில் செய்தது, அதைப் பக்கவாட்டில் திருப்பி ட்ரேயின் வாயை விரலால் தடவியது. ட்ரே போனின் விளிம்போடு ஒட்டி, நகம் தட்டாமல் இருக்க வேண்டும். ஒரு முனை மேடாக இருந்தால் அது முழுவதும் உள்ளே போகவில்லை, அல்லது விழுந்த அடியில் போனின் சட்டமே அந்த இடத்தில் நெளிந்திருக்கிறது. மேடாக இருந்தால் கட்டைவிரலால் சீராக அழுத்திப் பார்க்கலாம். உள்ளே போய் நிற்காமல் திரும்ப வந்தால் மேற்கொண்டு அழுத்தக் கூடாது.

எடுப்பதற்குப் போனை அணைத்துவிடுவது நல்லது. பெட்டியில் வந்த சிம் பின் இல்லாவிட்டால் நேராக்கிய ஜெம் கிளிப் போதும். தையல் ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம். முனை கூர்மையாக இருப்பதால் உள்ளே உள்ள தள்ளுகோலில் நிற்காமல் வழுக்கி வேறெங்காவது குத்தும். இன்னொரு எச்சரிக்கை, ட்ரேயில் உள்ள ஓட்டையைத்தான் குத்த வேண்டும். சில போன்களில் அதற்கு அருகிலேயே இதேபோல் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது மைக். அதைக் குத்தினால் சிம் பிரச்சினையோடு, எதிர்முனைக்குக் குரல் கேட்காத பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

பின்னை நேராகப் பிடித்து அழுத்தினால் ட்ரே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே வரும். அதன்பிறகு நகத்தால் நேராக இழுக்க வேண்டும். வராமல் இடித்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. உள்ளே கார்டு ட்ரேயை விட்டு எழும்பி நாக்குகளில் மாட்டியிருக்கலாம். அந்த நிலையில் இடுக்கி போட்டு இழுப்பவர்கள், கார்டோடு நாக்குகளையும் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். கால் மணி நேர வேலை சாக்கெட் மாற்றும் வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெளியே வந்த ட்ரேயிலிருந்து கார்டை எடுத்துவிட்டு, ட்ரேயைக் கண்ணாடி மேசை மேலோ இன்னொரு போனின் திரை மேலோ படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். நேராக இருந்தால் ஆடாது. வளைந்திருந்தால் ஒரு மூலையை அழுத்தும்போது எதிர் மூலை எழும்பும், அடியில் வெளிச்சம் தெரியும். பிறகு கார்டு உட்காரும் குழியைப் பார்க்க வேண்டும். கார்டு கீழே விழுந்துவிடாமல் தாங்குவது, குழியின் ஓரமாக ஓடும் நூல் போன்ற விளிம்பு. அது ஓரிடத்தில் உடைந்தாலும் கார்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த பக்கத்து நாக்குகளுக்குக் கார்டு எட்டாது.

அந்தப் பெண்ணின் ட்ரேயில் நடந்தது அதுதான். இரண்டு சிம் போடும் பிளாஸ்டிக் ட்ரே. முதல் குழியின் ஓர விளிம்பில் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு துண்டு காணவில்லை. கார்டை வைத்தால் ஒரு மூலை கீழே இறங்கியது. வெறும் கண்ணுக்கு அது தெரியவில்லை. இளைஞர் தன் போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது. ட்ரேயைத் தலைகீழாக மேசை மேல் தட்டியதும் உடைந்த துண்டும் விழுந்தது. போனுக்குள்ளே தங்காமல் ட்ரேயோடு வந்ததும் அதிர்ஷ்டம்தான். உள்ளே தங்கியிருந்தால் நாக்குக்கும் கார்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும்.

கார்டையும் நாக்கையும் பார்ப்பது

கார்டின் தங்கக் கட்டங்களில் நாக்குகள் உரசிய சின்னச் சின்னத் தடங்கள் இருக்கும். அது இயல்பு. கருப்பு, பச்சை, வெண்மை படிந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். வியர்வையும் உப்புக்காற்றும் விட்டுச் சென்ற தடயம் அது. விழுவதற்கு முன்பே அந்தப் படிவு தொடர்பைப் பாதி அறுத்திருக்கலாம். விழுந்தபோது நாக்கு ஒரு மயிரிழை நகர்ந்து சுத்தமான இடத்திலிருந்து அழுக்கின் மேல் போய் உட்கார்ந்தால், குற்றம் விழுந்ததன் மேல் போகும்.

பஞ்சு உதிராத துணியால், கண் கண்ணாடி துடைக்கும் துணி இருந்தால் மிக நல்லது, ஒரே திசையில் மெதுவாகத் துடைத்தால் போதும். போகாத கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பலரும் பென்சில் அழிப்பானால் தேய்க்கிறார்கள். உடனே பளபளக்கும். ஆனால் அழிப்பானில் மணல் போன்ற துகள் கலந்திருக்கும். மேலே உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது. பல தடவை தேய்த்தால் பூச்சு போய், அடியில் உள்ள உலோகம் வெளியே வந்து, முன்னைவிட வேகமாகக் கறுக்கும். எச்சில் தொட்டுத் துடைப்பது உப்பைப் புதிதாகப் பூசுவதற்குச் சமம்.

பழைய பெரிய சிம்மைக் கத்தரித்து நானோவாக்கியவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பழைய சிம்மின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நானோவின் தடிமன் 0.67. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் வெட்டிய கார்டு குழியில் இறுக்கமாக மாட்டும், அல்லது மேலே துருத்தி நாக்குகளை அளவுக்கு மேல் அழுத்தும். அளவு பிசகி வெட்டியிருந்தால் குழிக்குள் அங்குமிங்கும் ஆடும். ஆடும் கார்டு விழும்போது நகரும். அத்தகைய கார்டு வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள இது ஒரு நியாயமான காரணம்.

பட்டன் போன் காலத்தில் ஒரு கைவைத்தியம் இருந்தது. சிம் கிடைக்கவில்லை என்றால் பேப்பரை மடித்துக் கார்டின் முதுகில் வைத்து மூடிவிடுவார்கள். அங்கே கார்டு பேட்டரிக்கு அடியில், திறந்த இடத்தில் இருந்தது. பேப்பர் அழுத்தத்தைக் கூட்டியது, வேலையும் நடந்தது. அதே வைத்தியத்தை ட்ரே போனில் செய்து, கார்டின் முதுகில் செல்லோ டேப் ஒட்டி உள்ளே தள்ளுபவர்கள் இன்றும் உண்டு. உள்ளே வெப்பத்தில் டேப் நழுவும், பசை இளகும், ட்ரே மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை இழுக்கும்போது நாக்கு போகும்.

நாக்குகளைப் பார்க்க, ட்ரே எடுத்த வாய்க்குள் டார்ச் அடித்து, போனைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். வாய் குறுகலானது. எல்லாப் போனிலும் முழுவதும் தெரியாது. தெரிந்த அளவில், மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் தங்கப் புள்ளிகள் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் மின்ன வேண்டும். ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தாலோ, பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ, ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடம் கருப்பாகத் தெரிந்தாலோ நாக்கு மடங்கிவிட்டது. அதை ஊசியால் நிமிர்த்தும் ஆசை எல்லோருக்கும் வரும். முடியைவிடச் சற்றே தடித்த உலோகம் அது. இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். உள்ளே தூசியோ பஞ்சோ தெரிந்தால் கேமரா லென்ஸுக்குப் பயன்படும் ரப்பர் ஊதியால் இரண்டு முறை ஊதலாம். வாயால் ஊதினால் ஈரம் போகும்.

நான்கு நிமிட விசாரணை

கண்ணால் பார்த்து எதுவும் பிடிபடவில்லை என்றால் மிஞ்சியிருப்பது மாற்றிப் போடும் சோதனை. இதற்கு வேண்டியது வீட்டில் உள்ள இன்னொரு போனும் இன்னொரு சிம்மும். அந்த இளைஞர் இதைத்தான் பேச்சோடு பேச்சாகச் செய்துகொண்டிருந்தார்.

முதலில் அந்தப் பெண்ணின் சிம்மைத் தன் போனில் போட்டார். சில விநாடியில் கம்பெனியின் பெயரும் சிக்னல் கோடும் வந்தன. "அக்கா, உங்க சிம் நல்லாத்தானுங்க இருக்குது. புதுசு வாங்கிப்போட்டாலும் இதே கதைதான்." அடுத்து, தன் சிம்மை அவருடைய போனின் முதல் குழியில் வைத்துப் போட்டார். "No SIM card". குற்றவாளி கார்டு இல்லை, போனின் பக்கம்தான் என்பது உறுதியானது. மூன்றாவதாக அவருடைய சிம்மையே இரண்டாவது குழியில் வைத்தார். சிக்னல் வந்தது.

இந்த மூன்றாவது படியில்தான் பெரிய நிம்மதி இருக்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் சிம் எடுக்கிறது என்றால், போனின் மோடமும் அதற்கு மேலுள்ள பாதையும் உயிரோடு இருக்கின்றன. கோளாறு முதல் ஸ்லாட்டின் ட்ரேயிலோ நாக்கிலோ மட்டும்தான். இ-சிம் வசதியுள்ள போனில் இதே சோதனையை வேறு விதமாகச் செய்யலாம். இ-சிம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட சிப். அது வேலை செய்து, ட்ரேயில் உள்ள சிம் மட்டும் வேலை செய்யாவிட்டால் பழி ட்ரேயையும் சாக்கெட்டையும் சேரும். இரண்டும் போய்விட்டால் விஷயம் போர்டுக்குள் இறங்கிவிட்டது.

அதை உறுதி செய்ய இன்னொரு வழி, அழைக்கும் இடத்தில் `*#06#` என்று அடிப்பது. போனின் IMEI எண் பதினைந்து இலக்கத்தில் வர வேண்டும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். எண் வராமல் வெற்றிடமோ வெறும் பூஜ்யங்களோ வந்தால், டவரோடு பேசும் பகுதியே விழித்துக்கொள்ளவில்லை. அப்போது ட்ரேயை எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் பயனில்லை.

விழுந்தால் சால்டர் விரிசல் விடுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம், ஐபோன் 6 பிளஸ் போன்களின் தொடுதிரை செயலிழப்பதற்கென ஒரு பழுதுநீக்கும் திட்டம் அறிவித்தது. கடினமான தரையில் பலமுறை விழுந்து, அதற்கு மேலும் அழுத்தத்துக்கு உள்ளான போன்களில் அது வருகிறது என்று அந்த அறிவிப்பே சொன்னது. அங்கே பாதிக்கப்பட்டது தொடுதிரை. ஆனால் போர்டு நெளிந்து இணைப்புகள் தளரும் அதே விதி சிம் சாக்கெட்டின் கால்களுக்கும் பொருந்தும். போனின் ஓரத்தை அழுத்திப் பிடித்தால் சிம் வருவது, விட்டால் போவது, சூடானால் ஒரு மாதிரி, ஆறினால் ஒரு மாதிரி இருப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். போனைத் திறந்து சாக்கெட்டை மறுபடி சால்டர் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். தண்ணீர் புகாத போன் என்றால், திறந்து மூடிய பிறகு அந்தப் பாதுகாப்பு பழையபடி இருக்கும் என்று நம்ப முடியாது.

புது சிம்முக்கு ஓடுவதற்கு முன்

சோதனை முடியும் முன்பே சிம் மாற்றப் போகக் கூடாது என்பதற்கு இந்தியாவில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. சிம் மாற்றி அடுத்தவர் வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடியைத் தடுக்க, மாற்றுச் சிம் செயல்படத் தொடங்கிய பிறகு 24 மணி நேரம் அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராமலும் போகாமலும் தடுத்து வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஒரு நாள் முழுக்க வங்கி ஓடிபி வராது. யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்யவும் எஸ்எம்எஸ் போக வேண்டும், அதுவும் நடக்காது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றியவர் அடுத்த 7 நாட்களுக்கு வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது.

ட்ரேயின் விளிம்பு உடைந்ததற்கு இந்தத் தண்டனையை அந்தப் பெண் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். வாங்கியிருந்தால் புது சிம்மும் அதே உடைந்த குழியில் உட்கார்ந்து, அதே வாசகத்தைக் காட்டியிருக்கும். கையில் நல்ல நிலையில் இருந்த பழைய சிம்மோ அதற்குள் முடக்கப்பட்டிருக்கும்.

மாற்றுச் சிம் வாங்க வேண்டிய நேரமும் உண்டு. தன் கார்டு எந்தப் போனிலும் எடுக்கவில்லை, மற்றவர் கார்டு தன் போனில் எடுக்கிறது என்றால் சந்தேகமில்லாமல் கார்டுதான் போய்விட்டது. கார்டு வளைந்து உள்ளே சிப் விரிசல் விட்டிருக்கலாம். அப்போதும் ஓடிபி தேவைப்படும் வேலை ஏதாவது இருந்தால், ஒரு நாள் கழித்து வைத்துக்கொள்வது நல்லது.

புது ட்ரே வாங்குவதில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். போனின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு வகை வந்திருக்கும், இரண்டின் ட்ரேயும் ஒன்றாக இருக்காது. செட்டிங்ஸில் "About phone" பகுதியில் உள்ள மாடல் நம்பரைச் சொல்லி வாங்க வேண்டும். ட்ரேயின் வாயில் மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது என்றால் புதியதிலும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

கோவைக் கடையில் அந்த மாடலுக்கு ட்ரே கையிருப்பில் இல்லை. "ரெண்டு நாள்ல வந்துருமுங்கக்கா. அதுவரைக்கும் ரெண்டாவது ஸ்லாட்லயே ஓடட்டும்." சிம் இரண்டாவது குழிக்கு மாறியது. முதல் குழியைக் காலியாக விட்டு ட்ரேயை மெதுவாக உள்ளே தள்ளினார். போன் ஆனதும் மூன்று குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அதில் ஒன்று, காலை பேக்கரிக்கு வரும் வழியில் பஸ் பாஸுக்குக் கட்டிய பணத்துக்கான ரசீது.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டார்.

"ட்ரே வரட்டுமுங்க" என்றவர், உடைந்த அந்தத் துண்டை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த போனைக் கையில் எடுத்தார்.